எம்.டி. அறைக்கு முன்னால் இருக்கும் மேஜை

கேள்வி: கோவையில் ஆறு பேர் வேலை பார்க்கும் சின்ன கம்பெனியில் நான் சேல்ஸ் இன்ஜினியர். மில்களில் கம்ப்ரஸர் காற்று எங்கெங்கே கசிகிறது என்று கண்டுபிடித்து அடைத்துக் கொடுப்பது எங்கள் வேலை. உடுமலைப் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில் எம்.டி.யைப் பார்க்க மூன்று வாரமாக அலைகிறேன். போன் போட்டால் அவருடைய பி.ஏ. மேடம்தான் எடுக்கிறார். "சார் மீட்டிங்ல இருக்கார், மெயில் போடுங்க" என்பதோடு சரி. போன வாரம் "பர்சனல் விஷயம்" என்று சொல்லிப் பார்த்தேன். அவர் நம்பவில்லை, அன்றிலிருந்து குரலே மாறிவிட்டது. தொல்லை கொடுக்காமல், பொய்யும் சொல்லாமல் எம்.டி.யிடம் போய்ச் சேர வழி இருக்கிறதா?

- வாசகர், கோயம்புத்தூர்

பதில்:

தம்பி, அந்த மேஜையில் 19 வருடம் உட்கார்ந்தவள் நான். டைப்பிங் ஹையர், ஷார்ட்ஹேண்ட் ஹையர் முடித்துவிட்டு ஒரு மில்லில் செகரட்டரியாகச் சேர்ந்தேன். அப்புறம்தான் உங்களைப் போல வெளியே இருந்து கூப்பிடுகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலைக்கு வந்தேன். அதனால் அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் மேஜையில் ஒரு நீளமான கோடு போட்ட நோட்டு இருக்கும். காலையிலிருந்து வரும் போன் ஒவ்வொன்றும் அதில் ஒரு வரி. பதினொன்றரை மணிக்குக் கையெழுத்து ஃபைலை எடுத்துக்கொண்டு உள்ளே போவேன். செக், வவுச்சர், கடிதம் எல்லாம் முடிந்ததும் அவர் பேனாவை மூடிக்கொண்டே, "வேற யாராவது கூப்பிட்டாங்களா?" என்பார். அந்த நோட்டைப் பார்த்துச் சொல்ல எனக்கு இரண்டு நிமிடம் கிடைக்கும். அதில் ஐந்தாறு பேரைப் பற்றித்தான் சொல்ல முடியும், ஆளுக்கு ஒரு வாக்கியம். வாக்கியம் தெளிவாக இருந்தால் "வரச் சொல்லு" என்றோ "ஜி.எம்.கிட்ட அனுப்பு" என்றோ பதில் வரும். "யாரோ ஒருத்தர் கம்ப்ரஸர் விஷயமா பேசணுமாம் சார்" என்று இழுத்தால், "என்ன விஷயம்னு கேட்க மாட்டியா?" என்று எனக்குத்தான் விழும்.

நீங்கள் மூன்று வாரமாகக் கேட்டது லைன் கொடுக்கச் சொல்லி. உள்ளே போய்ச் சொல்கிற மாதிரி ஒரு வாக்கியத்தை நீங்கள் அவரிடம் கொடுத்ததாக உங்கள் கடிதத்தில் தெரியவில்லை. இனி உங்கள் வேலை அந்த வாக்கியத்தைத் தயார் செய்வதுதான்.

அதற்கு முன்னால் அந்த "பர்சனல்" விஷயத்தை முடித்துவிடுவோம். ஒருமுறை ஒருவர், "சாரோட காலேஜ் ஃப்ரெண்ட்" என்று என்னிடம் சொல்லி லைன் வாங்கினார். அரை நிமிடத்தில் போன் வைக்கப்பட்டது, பஸ்ஸர் அடித்தது. அன்றைக்கு நான் வாங்கிய திட்டு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அந்தக் கம்பெனியின் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு புள்ளி வைத்தேன். அந்த ஆள் வேலை மாறிப் போன பிறகும், அதே கம்பெனியிலிருந்து வேறு யாராவது நியாயமாகக் கூப்பிட்டால்கூட அந்தப் புள்ளிதான் என் கண்ணில் படும். ஒருவர் சொன்ன பொய்க்கு அவருக்குப் பின்னால் வந்தவர்களும் சேர்ந்து அனுபவித்தார்கள்.

உங்கள் விஷயத்தில் அவர் நம்பவில்லை என்பது ஒரு விதத்தில் நல்லது. அவர் திட்டு வாங்கவில்லை. எரிச்சலோடு நின்றிருக்கிறது, அதைச் சரி செய்துவிடலாம். அடுத்த போனில் முதல் வாக்கியமே இதுவாக இருக்கட்டும்: "மேடம், போன வாரம் பர்சனல்னு சொன்னேன், அது உண்மையில்லை. தப்புதான், மன்னிச்சிடுங்க." இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். டார்கெட், மேனேஜர் பிரஷர் என்று ஆரம்பித்தால், உங்கள் கஷ்டத்தையும் அவர் தலையில் வைக்கிற மாதிரி ஆகிவிடும். பெரும்பாலும் "சரி, சொல்லுங்க" என்றுதான் வரும். அந்த "சொல்லுங்க"வுக்குப் பிறகு பேச உங்களிடம் விஷயம் இருக்க வேண்டும்.

இப்போது அந்த வாக்கியம். "எங்க கம்பெனி எனர்ஜி சேவிங் சொல்யூஷன் தர்றோம்" என்பது வாக்கியமே இல்லை, அந்த மேஜைக்கு அப்படி ஒரு நாளைக்கு நாலு வரும். "உங்க மில்லுல வருஷத்துக்குப் பத்து லட்சம் காத்தாப் போகுது" என்று ஆரம்பிப்பதும் கூடாது. கவனத்தை இழுக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மில்லுக்குள் நீங்கள் காலே வைத்ததில்லை, அளக்காத ஒன்றுக்கு எண் சொல்கிறீர்கள். அதுவும் பொய்தான். பர்சனல் என்று சொன்னதைவிடக் கொஞ்சம் நாகரிகமான பொய், அவ்வளவுதான்.

உங்கள் தொழிலில் அதிர்ஷ்டவசமாக ஒரு நேர்மையான வழி இருக்கிறது. எங்கள் மில் மெயின்டனன்ஸ் மேனேஜர் வருடத்துக்கு இரண்டு தடவை செய்கிற சோதனை ஒன்று உண்டு, உங்களுக்குத் தெரிந்திருக்கும். மில் மொத்தமாக நிற்கும் நாளில், காற்று எடுக்கும் மெஷின் ஒன்றுகூட ஓடாதபோது, ஒரு கம்ப்ரஸரை மட்டும் போட்டு லைனை நிரப்புவார். பிரஷர் ஏறியதும் அது காற்று அனுப்புவதை நிறுத்திவிட்டுச் சும்மா ஓடும், அதாவது அன்லோடுக்குப் போகும். கசிவே இல்லை என்றால் பிரஷர் அப்படியே நிற்க வேண்டும். இறங்கினால் கம்ப்ரஸர் மறுபடி லோடு எடுக்கும். எத்தனை வினாடி லோடில் ஓடுகிறது, எத்தனை வினாடி அன்லோடில் ஓடுகிறது என்று வாட்சை வைத்துக் குறித்துக்கொள்வார். 90 வினாடி லோடு, 210 வினாடி அன்லோடு என்றால், 300-ல் 90, அதாவது அந்த கம்ப்ரஸர் கொடுக்கும் காற்றில் 30 சதவீதம் கசிவுக்கே போகிறது. அரை மணி நேர வேலை. ஒரு வாட்ச் போதும். நீங்கள்கூடத் தேவையில்லை, அவர்கள் ஆளே செய்துவிடலாம்.

இதை வைத்து எழுதிய வாக்கியம் எப்படி இருக்கும் என்று பாருங்கள்: "மில் நிற்கிற நாளில் உங்கள் ஆட்களே அரை மணி நேரத்தில் காற்றுக் கசிவை அளந்து பார்க்கும் முறையை ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புகிறோம், கசிவு அதிகமாகத் தெரிந்தால் எங்களைக் கூப்பிட்டால் போதும்." பி.ஏ. இதைத் தயங்காமல் உள்ளே சொல்லலாம். யார், என்ன, எவ்வளவு நேரம் என்ற மூன்றுக்கும் பதில் இருக்கிறது. நாளைக்கு யாரும் "நீ எப்படி இதை உள்ளே விட்டே?" என்று அவரைக் கேட்க முடியாது.

அந்த ஒரு பக்கத்தில் கணக்கு ஒன்று போடலாம், ஆனால் உதாரணம் என்று தலைப்பிலேயே சொல்லிவிட வேண்டும். 55 கிலோவாட் கம்ப்ரஸர், 30 சதவீதக் கசிவு என்றால் 16.5 கிலோவாட். வருடத்துக்கு 8,400 மணி நேரம் ஓடினால் 1,38,600 யூனிட். யூனிட் ஏழரை ரூபாய் என்று வைத்தால் 10 லட்சத்தைத் தாண்டும். இத்தோடு நிறுத்தினால் மெயின்டனன்ஸ் மேனேஜர் அந்தத் தாளை ஓரமாக வைத்துவிடுவார். ஏனென்றால் கசிவு முழுவதையும் அடைக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். அடைத்த பிறகும் அந்த ஸ்க்ரூ கம்ப்ரஸர் அன்லோடில் சும்மா ஓடும்போது ஃபுல் லோடில் கால் பங்குக்கு மேல் கரண்ட் இழுக்கும் என்பதும் தெரியும். "இதில் பாதிக்கும் குறைவாகத்தான் பில்லில் தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள், சரியான எண் உங்கள் மில்லில் அளந்த பிறகுதான்" என்று நீங்களே எழுதிவிடுங்கள். குறைத்துச் சொல்கிற வெண்டரை எங்கள் மேனேஜர் திருப்பிக் கூப்பிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

மேனேஜர் என்று ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்றால், நீங்கள் தேடும் ஆள் எம்.டி.தானா என்பதிலேயே எனக்குச் சந்தேகம். கம்ப்ரஸர் ஆடிட்டுக்கு எம்.டி.யிடம் நேராகப் போனால், நல்லபடியாக நடந்தாலும், அவர் அதை ஜி.எம். டெக்னிக்கலுக்கோ மெயின்டனன்ஸுக்கோ தள்ளிவிடுவார். அங்கே நீங்கள் "மேலே இருந்து இறக்கப்பட்ட ஆள்" ஆகிவிடுவீர்கள். கசிவைக் கண்டுபிடிக்கிற வேலையில் இது பெரிய சிக்கல். கசியும் இடத்தில் நீங்கள் ஒட்டப்போகும் ஒவ்வொரு சிவப்பு டேக்கும் தன் பராமரிப்பில் ஒரு குறை என்று மெயின்டனன்ஸ் மேனேஜருக்குத் தோன்றும். எம்.டி.க்கு ரிப்போர்ட் போகும் என்று தெரிந்தால் ஷட்டவுன் கிடைக்காது, ஏணி கிடைக்காது, ஆள் கிடைக்க மாட்டார்.

ஆகவே பி.ஏ.விடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, "சார் எப்ப ஃப்ரீ?" என்பது இல்லை. அந்த போன் ஏறக்குறைய இப்படிப் போகலாம். மன்னிப்பை மேலே சொல்லிவிட்டேன், அதற்குப் பிறகு:

"இப்ப ரெண்டு நிமிஷம் பேசலாமா மேடம்? இல்ல வேற நேரம் கூப்பிடட்டுமா?"

"சொல்லுங்க, என்ன விஷயம்?"

"கம்ப்ரஸர் காத்துக் கசிவு பார்க்கிற வேலை மேடம். இது சார்கிட்ட வர வேண்டிய விஷயமா, இல்ல உங்க மில்லுல வேற யாராவது பார்ப்பாங்களான்னு எனக்குத் தெரியல. உங்களுக்குத்தான் தெரியும்னு கேக்கறேன்."

"அது மெயின்டனன்ஸ் பார்ப்பாங்க. ஆனா சார் ஓகே சொன்னாதான் செய்வாங்க."

"சரிங்க மேடம். அப்ப ஒரு பக்கம் எழுதி உங்களுக்கு மெயில் அனுப்பறேன். அதை யாருக்குக் கொடுக்கணும்னு நீங்களே பார்த்துக்குங்க. அடுத்த செவ்வாய் ஒரு தடவை கூப்பிட்டுக் கேக்கலாமா? எந்த நேரம் உங்களுக்குத் தொந்தரவா இருக்காது?"

"மூணரைக்கு மேல கூப்பிடுங்க."

இவ்வளவுதான். இதில் கெஞ்சல் இல்லை, "ஒரே ஒரு நிமிஷம் லைன் கொடுங்க மேடம்" இல்லை. "யார் பார்ப்பார்கள்" என்ற கேள்விக்குப் பதில் சொல்வது அவருக்குச் சுலபம், ஏனென்றால் அவர் வேலையே அதுதான். உங்களுக்கோ மில்லின் உள்ளமைப்பு பாதி கிடைத்துவிட்டது: பார்ப்பது ஒருவர், சரி சொல்வது இன்னொருவர்.

மெயிலை அன்று மாலைக்குள் அனுப்பிவிடுங்கள். பத்து வரிக்கு மேல் வேண்டாம், இணைப்பு அந்த ஒரு பக்கம் மட்டும். கம்பெனி ப்ரோஷர், கிளையன்ட் லிஸ்ட், யூடியூப் லிங்க் எதுவும் வேண்டாம். சப்ஜெக்ட்டில் விஷயத்தை எழுதுங்கள். ஏற்கெனவே நடந்த பேச்சின் தொடர்ச்சி போல சப்ஜெக்ட்டில் Re: போட்டு அனுப்புகிற ஒரு பழக்கம் பரவியிருக்கிறது. திறந்து பார்த்துவிட்டு, பழைய மெயிலைத் தேடி, இல்லை என்று தெரியும்போது வரும் கோபம் சின்னக் கோபம் இல்லை. கவரின் மேல் "கான்ஃபிடன்ஷியல்" என்று எழுதிக் கூரியர் அனுப்புவதும் அதே ரகம்தான். அதைப் பிரிக்காமல் உள்ளே கொண்டுபோய் வைப்போம், உள்ளே இருந்து விசிட்டிங் கார்டும் காலண்டரும் விழும்.

செவ்வாய் மூன்றரைக்கு மேல் என்றால், மூன்றே முக்காலுக்குக் கூப்பிடுங்கள். மூன்று இருபதுக்கு வேண்டாம், மறந்துவிட்டுப் புதனும் வேண்டாம். எங்கள் மில்லுக்கு ஸ்பிண்டில் ஆயில் கொண்டுவந்த ஒருவர் இதை அப்படியே கடைப்பிடித்தார். சொன்ன நாள், சொன்ன நேரம். "பார்க்கலைங்க" என்றால், "சரிங்க, அடுத்து எப்ப?" என்பார், வைத்துவிடுவார். மூன்றாவது தடவை நானே, "சார் இதைப் பார்க்க மாட்டாருங்க, ஜி.எம். வியாழக்கிழமை மில்லுல இருப்பார், பத்து மணிக்கு கேட்டுக்கு வாங்க, நான் இன்டர்காம்ல சொல்லி வைக்கறேன்" என்றேன். அவர் என்னை எதற்கும் வற்புறுத்தவில்லை. சொன்ன நேரத்துக்கு வரும் ஆளை உள்ளே அனுப்புவதில் எனக்கு ரிஸ்க் இல்லை, அவ்வளவுதான் காரணம்.

பி.ஏ. சொல்லும் பதில்களை எப்படி எடுத்துக்கொள்வது என்பதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். "மீட்டிங்ல இருக்கார்" என்பதற்கு ஒரு அர்த்தமும் கிடையாது. உண்மையாகவும் இருக்கலாம், அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு காபி குடித்துக்கொண்டும் இருக்கலாம். அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். "மெயில் போடுங்க" என்பது பாதி மறுப்பு. அதோடு ஒரு தேதி கேட்டு வாங்கினால் மீதிப் பாதி திறக்கும். "இதெல்லாம் மெயின்டனன்ஸ் பார்ப்பாங்க" என்பதைப் பலர் துரத்துவதாக நினைத்து முகம் வாடுகிறார்கள், உண்மையில் அது வழி காட்டுவது. "தேவைப்பட்டா நாங்களே கூப்பிடறோம்" என்றால் இல்லை என்று அர்த்தம். அதை ஒரு தடவை கேட்டதும் நிறுத்திக்கொள்ள வேண்டும். "சரிங்க மேடம், மூணு மாசம் கழிச்சு ஒரு தடவை மட்டும் கேக்கறேன், அப்பவும் வேண்டாம்னா விட்டுடறேன்" என்று சொல்லிவிட்டு, சொன்னபடி விட்டுவிடுங்கள்.

மற்றபடி எண்ணிக்கை என்று கேட்டால், முதல் போன், அவர் சொன்ன நாளில் இரண்டாவது, அதற்கு ஒன்றிரண்டு வாரம் கழித்து மூன்றாவது. அதற்கு மேல் போனால் தொல்லை என்பது என் கணக்கு. மாதக் கடைசியிலும் ஆயுத பூஜை வாரத்திலும் வேண்டாம். ஈபி பில் வந்த வாரம் நல்ல வாரம், அப்போது மின்சாரச் செலவு பற்றி உள்ளேயே பேச்சு நடந்துகொண்டிருக்கும்.

சுற்றுவழிகள் பற்றியும் சொல்ல வேண்டும், எப்படியும் மனதில் ஓடும். கோவையில் டெக்ஸ்ஃபேர் மாதிரி கண்காட்சியில் எம்.டி.யைப் பார்த்தால் தாராளமாகப் பேசுங்கள், அதில் தவறே இல்லை. ஆனால் அவர் மரியாதைக்குக் கார்டைக் கொடுத்ததை வைத்துக்கொண்டு, "சார் கூப்பிடச் சொன்னார்" என்று பி.ஏ.விடம் சொல்லாதீர்கள். "கண்காட்சியில சாரைப் பார்த்தேன், கார்டு கொடுத்தார், கூப்பிடச் சொல்லலை" என்று உள்ளதைச் சொன்னாலே அது போதுமான அறிமுகம். எம்.டி.யின் செல் நம்பரை டிரைவரிடமோ செக்யூரிட்டியிடமோ வாங்காதீர்கள், நம்பர் எங்கிருந்து போனது என்று விசாரணை வரும், அந்த ஆள் பாவம். பி.ஏ.வின் சொந்த நம்பர் எப்படியோ கிடைத்தாலும் அதில் வாட்ஸ்அப் செய்யாதீர்கள். ஸ்வீட் பாக்ஸ் விஷயமும் அப்படித்தான். ஆர்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது தீபாவளிக்கு ஆபீஸ் முழுவதற்கும் ஒரு பெட்டி வந்தால் எல்லோரும் சாப்பிடுவோம். பார்க்க நேரம் கேட்டுக்கொண்டிருக்கும்போது வந்தால், அதை நான் உள்ளே கொண்டுபோய்க் காட்டி விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

மெயின்டனன்ஸ் மேனேஜரிடம் அனுப்பினார்கள் என்றால், அங்கே அவர்தான் இன்னொரு வாசல். அவரிடம் போய் "எம்.டி. ஆபீஸ்ல அனுப்பினாங்க" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். "மேடம்கிட்ட கேட்டேன், இது உங்க டிபார்ட்மென்ட்னு சொன்னாங்க" என்பது உண்மையும்கூட, அவருக்கு மரியாதையும்கூட. சோதனையை அவரே செய்யட்டும். எண் அவர் கையில் இருக்கட்டும். அந்த எண் 10 சதவீதத்துக்கும் கீழே வந்தால், "நல்லா வச்சிருக்கீங்க சார், இப்போதைக்கு எங்க வேலை தேவைப்படாது" என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். 25, 30 என்று வந்தால், "பழைய லைன், ஹோஸ் கனெக்ஷன், எஃப்.ஆர்.எல்., இதெல்லாம் எந்த மில்லுலயும் ஒழுகும், இதை நீங்களே சார்கிட்ட எடுத்துட்டுப் போறீங்களா, நானும் கூட வரட்டுமா?" என்று கேளுங்கள். ரிப்போர்ட் முதலில் அவருக்கு, அவர் வழியாக மேலே என்று வாக்குக் கொடுத்தால் அதைக் காப்பாற்றுங்கள். பி.ஏ. பிறகு தற்செயலாக, "என்ன எண் வந்துச்சு?" என்று கேட்டாலும், "மேனேஜர் சார்கிட்ட கொடுத்திருக்கேன் மேடம்" என்பதோடு நில்லுங்கள்.

மேனேஜர் எம்.டி.யிடம் போக நேரம் கேட்கும்போது அந்த போன் மறுபடி அதே மேடத்திடம்தான் வரும். அதற்கு முன்னால் நீங்களே ஒரு தடவை கூப்பிட்டு, "நீங்க சொன்ன மாதிரி மெயின்டனன்ஸ்ல பார்த்தேன், டெஸ்ட் முடிஞ்சுது, அவர் உங்ககிட்ட டைம் கேட்பார்" என்று தகவல் மட்டும் சொல்லிவிடுங்கள். வழி காட்டிய பிறகு என்ன ஆனது என்று எங்களுக்கு யாரும் சொல்வதில்லை. சொன்ன இரண்டு மூன்று பேரின் பெயர் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

சந்திப்பு அன்று பதினைந்து நிமிடம் கேட்டிருந்தால், பதினாலாவது நிமிடம் எழுந்துகொள்ளுங்கள். எம்.டி.யே "உட்காருங்க" என்றால் உட்காரலாம். வெளியே அடுத்த ஆள் காத்திருப்பார், அந்த மேடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நடக்காமலும் போகலாம். மேடம் கடைசி வரை மனம் மாறாமல் இருக்கலாம், அல்லது வேறு ஒரு கம்பெனி ஏற்கெனவே வருட கான்ட்ராக்டில் இருக்கலாம். உடுமலையிலிருந்து திண்டுக்கல் வரைக்கும் மில்களுக்குப் பஞ்சமில்லை, அந்த ஒரு பக்கத்தைக் கொஞ்சம் திருத்தி அடுத்த மில்லுக்கு எழுதுங்கள்.

இந்த மில்லுக்குத் திங்கட்கிழமை காலையில் மட்டும் கூப்பிட வேண்டாம். ஞாயிறு லீவுக்குச் சேர்ந்த தபாலும் போனும் அந்த மேஜையில் மலை மாதிரி இருக்கும். செவ்வாய் மதியம் கூப்பிடுங்கள், மன்னிப்பை முதலில் கேட்டுவிட்டு.